இரண்டாவது முட்டை தப்பிப் பிழைக்கும் வாரம்

"ஒரே கெடா, ஒரே மேய்ச்சல், ஒரே பட்டி. இவ ரெட்ட போடுறா, அவ ஒத்தயோட நிக்கிறா. என்ன கணக்கு இது?" ஆடு வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் கிடாவைத்தான் சந்தேகிப்பார். நல்ல கிடா வாங்கிவிட்டால் எல்லாம் ரெட்டையாகிவிடும் என்ற நம்பிக்கை சந்தையில் கிடாவின் விலையை ஏற்றுவதோடு சரி. ஒரு பெட்டை இந்த ஈத்தில் எத்தனை குட்டி போடும் என்பதில் அதைச் சேர்ந்த கிடாவுக்கு ஏறக்குறைய எந்தப் பங்கும் கிடையாது. ஒரு முறை சேரும்போது கோடிக்கணக்கில் விந்தணுக்கள் உள்ளே போகின்றன, தட்டுப்பாடு முட்டையில்தான். கிடாவின் குணம் அதன் பெண்குட்டிகள் வளர்ந்து ஈனும்போது வெளிப்படலாம். அது வேறு கணக்கு, இரண்டு வருடம் தள்ளிப் பார்க்க வேண்டியது.

ஆடுகளில் ஒரு கரு இரண்டாகப் பிளந்து உருவாகும் இரட்டைகள் மிக அரிது. இரட்டைக் குட்டி என்றாலே இரண்டு முட்டை வெளிவந்து, இரண்டும் கருவுற்று, இரண்டும் தங்கியிருக்கின்றன என்றுதான் பொருள். அதனால் கேள்வி சுருங்கிவிடுகிறது: சினைப்பையில் அந்த வாரம் ஒரு முட்டை முதிர்ந்ததா, இரண்டா?

சினைப்பருவத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்து பெட்டைக்குக் கூடுதலாகத் தீவனம் கொடுத்து இந்த எண்ணை உயர்த்தும் முறைக்குக் கால்நடைத் துறையில் ஃப்ளஷிங் என்று பெயர். மேய்ப்பர்களுக்கு இது பழைய சங்கதி. ஸ்காட்லாந்தில் இலையுதிர் காலத்தில் கிடா விடுவதற்கு முன்பு செம்மறிகளை நல்ல புல்வெளிக்கு மாற்றும் வழக்கம் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எஃப்.எச்.ஏ. மார்ஷல் என்ற உடலியல் அறிஞர் அங்குள்ள மந்தைகளின் குட்டிக் கணக்குகளைத் திரட்டிப் பார்த்து, அப்படி மாற்றிய மந்தைகளில் இரட்டைகள் கூடுதல் என்று எழுதினார். நம் ஊரிலும் அறுவடை முடிந்த வயலில் கிடை போடும் காலத்தில், தாளும் சிந்திய தானியமும் தின்று தேறிய ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பருவத்துக்கு வருவதைக் கீதாரிகள் பார்த்தே பழகியிருக்கிறார்கள். ஏன் என்பதுதான் வெகுநாள் புரியாமல் இருந்தது. அது புரிந்த பிறகு, எந்த ஆட்டுக்கு எப்போது போட வேண்டும், எந்த ஆட்டுக்குப் போடுவது வீண் என்பதும் தெளிந்தது.

சினைப்பைக்குள் எப்போதும் சிறு நீர்க்குமிழ்கள் வளர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு குமிழுக்குள்ளும் ஒரு முட்டை. செம்மறிக்குப் பதினேழு நாளுக்கு ஒரு முறையும் வெள்ளாட்டுக்கு ஏறத்தாழ இருபத்தொரு நாளுக்கு ஒரு முறையும் பருவம் வரும். இந்தச் சுற்றுக்குள் குமிழ்கள் சில அலைகளாக எழுந்து, பெரும்பாலானவை வாடி மறைந்துவிடும். பருவம் வருவதற்கு முந்தைய சில நாட்களில் எழும் கடைசி அலைதான் முக்கியம். அதில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவில் பல குமிழ்கள் போட்டியில் இருக்கும். மூளையடிச் சுரப்பியிலிருந்து வரும் எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன்தான் அவற்றுக்கு உயிர். முந்திக்கொண்ட குமிழ் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கத் தொடங்கியதும், அந்த ஈஸ்ட்ரோஜன் மூளைக்குப் போய் எஃப்.எஸ்.எச். வரத்தைக் குறைத்துவிடுகிறது. பின்தங்கிய குமிழ்கள் அந்தத் தட்டுப்பாட்டில் சாகின்றன. முந்தியது மட்டும் முதிர்ந்து உடைந்து முட்டையை விடுகிறது. ஒற்றைக் குட்டி என்பது இந்தப் போட்டியின் வழக்கமான முடிவு.

கூடுதல் தீவனம் தலையிடுவது இங்கேதான். தானியமும் புண்ணாக்கும் போனதும் ரத்தத்தில் குளுக்கோஸும் இன்சுலினும் உயர்கின்றன. இவை குமிழ்களை நேரடியாகவே எட்டுகின்றன. லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய ரெக்ஸ் ஸ்காராமுசியும் அவருடன் ஆய்ந்தவர்களும் தந்த விளக்கம் இது: ஊட்டம் கிடைத்த குமிழ் முன்பைவிடக் குறைவாக ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது. அதனால் எஃப்.எஸ்.எச். வரத்து அவ்வளவு வேகமாக அடைபடுவதில்லை. சாக வேண்டிய இரண்டாவது குமிழுக்கு இன்னும் ஓரிரு நாள் தவணை கிடைக்கிறது. அந்தத் தவணையில் அதுவும் முதிர்ந்துவிடுகிறது. தீவனம் புதிதாக ஒரு முட்டையை உண்டாக்குவதில்லை, இருந்த முட்டை சாகாமல் காக்கிறது.

தீவனத்தால் முட்டை கூடுவதை ஐயமின்றிக் காட்டியவை மேற்கு ஆஸ்திரேலியாவில் நடந்த சோதனைகள். அங்கே லூபின் என்ற பயறு வகை பரவலாக விளைகிறது. புரதமும் எரிசக்தியும் நிறைந்தது, மாவுச்சத்து குறைவு என்பதால் வயிற்றைக் கெடுக்காது. 1970களிலும் 80களிலும் மெரினோ செம்மறிகளுக்கு நாளுக்கு அரைக்கிலோ அளவில் லூபின் கொடுத்து, எத்தனை முட்டை வெளியேறுகிறது என்று எண்ணினார்கள். ஒரு முட்டை வெளியேறிய இடத்தில் மஞ்சள் உடலம் என்ற சிறு திரட்சி உருவாகும். வயிற்றில் சிறு துளையிட்டு உள்நோக்கிக் கருவியால் பார்த்து அந்தத் திரட்சிகளை எண்ணினால் முட்டைக் கணக்கு கிடைத்துவிடும். நான்கே நாட்கள், பருவத்துக்கு முந்தைய சரியான நாட்களில் லூபின் கொடுத்தாலும் முட்டைகளின் எண்ணிக்கை உயர்ந்தது. நான்கு நாளில் ஆட்டின் எடை கூடிவிட முடியாது. எடை கூடாமலே முட்டை கூடியது என்பதுதான் இதில் சுவாரசியம்.

அப்படியானால் எடைக்கு, உடற்கட்டுக்கு வேலையே இல்லையா? உண்டு, ஆனால் அது வேறு வழியில் வேலை செய்கிறது. நியூசிலாந்தின் லிங்கன் கல்லூரியில் இயன் கூப் என்பவர் 1960களில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். கிடா விடும் நாளில் பெட்டை எவ்வளவு கனமாக இருக்கிறது என்பதற்கு ஒரு பலன். அந்த வாரங்களில் அதன் எடை ஏறுமுகமாக இருக்கிறதா என்பதற்கு மற்றொரு பலன். நிலையான கொழுத்த உடம்பு ஒரு வகைச் சொத்து, ஏறிக்கொண்டிருக்கும் உடம்பு ஒரு சமிக்ஞை. பிற்பாடு லூபின் சோதனைகள் மூன்றாவதாக, எடையே மாறாமல் சில நாள் ஊட்டத்தால் மட்டும் வரும் பலனையும் சேர்த்தன.

இங்கே விவசாயிக்கு முக்கியமான ஒரு விஷயம் வெளிப்படுகிறது. ஏற்கெனவே நல்ல உடற்கட்டில் இருக்கும் பெட்டை தன் இனத்துக்கு இயன்ற அளவு முட்டைகளை விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கு மேலும் தீவனம் போட்டால் பலன் சொற்பம். எலும்பும் தோலுமாக இருக்கும் பெட்டைக்கு மூன்று வாரத் தீவனம் போதாது. அது பருவத்துக்கே ஒழுங்காக வராது, முதலில் உடம்பைத் தேற்றியாக வேண்டும். நடுத்தர உடம்புக்காரிகளிடம்தான் கூடுதல் தீவனத்துக்கு நல்ல பலன். ஆகவே ஃப்ளஷிங்கின் முதல் வேலை தீவன மூட்டையை அவிழ்ப்பதல்ல, ஒவ்வொரு ஆட்டின் முதுகையும் தடவிப் பார்ப்பது.

இதற்கான மதிப்பெண் முறை 1961இல் ஆஸ்திரேலியாவில் ஜெஃப்ரீஸ் என்பவரிடம் தொடங்கி, 1969இல் ஸ்காட்லாந்தின் ரஸ்ஸல், டோனி, கன் ஆகியோரால் செப்பனிடப்பட்டது. ஒன்றிலிருந்து ஐந்து வரை, இடையில் அரை மதிப்பெண்களும் உண்டு. கண்ணால் பார்த்துப் போடக் கூடாது. செம்மறியின் ரோமமும் வெள்ளாட்டின் நிறைந்த வயிறும் எவரையும் ஏமாற்றிவிடும். காலையில் ஒட்டிய வயிற்றோடு மெலிந்ததாகத் தெரிந்தது மாலையில் மேய்ந்து வந்ததும் கொழுத்ததாகத் தெரியும்.

ஆட்டை நெரிக்காமல், நேராக நிற்கவிட வேண்டும். கடைசி விலாவுக்குப் பின்னால், இடுப்பெலும்புக்கு முன்னால், முதுகின் மேல் உள்ளங்கையை வைக்கவும். நடுவில் வரிசையாக நிற்கும் முள்ளெலும்பு நுனிகள் விரலுக்குத் தட்டுப்படும். அடுத்து, கட்டை விரல் நடு முதுகிலும் மற்ற விரல்கள் பக்கவாட்டிலும் இருக்கும்படி பிடித்தால், பக்கவாட்டில் நீண்டிருக்கும் குறுக்கெலும்புகளின் நுனி விரலுக்குச் சிக்கும். இவ்விரண்டு எலும்புக்கும் இடையே உள்ள முக்கோணப் பள்ளத்தில் சதை எவ்வளவு நிறைந்திருக்கிறது, மேலே கொழுப்பு படிந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்க்க வேண்டும். முள் நுனிகள் கூராகக் குத்தி, குறுக்கெலும்புகளின் அடியில் விரல் எளிதாக நுழைந்து, பள்ளம் குழிந்திருந்தால் ஒன்று. நுனிகள் தெரிந்தாலும் மழுங்கி, பள்ளத்தில் சதை நடுத்தரமாக இருந்தால் இரண்டு. சற்று அழுத்தினால்தான் முள் நுனிகள் தெரியும், பள்ளம் நிறைந்து சமமாக இருக்கும் என்றால் மூன்று. எலும்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் நான்கு. தேடியும் கிடைக்காவிட்டால் ஐந்து. நம் மேய்ச்சல் மந்தைகளில் ஐந்தைப் பார்ப்பது அபூர்வம்.

வெள்ளாட்டில் ஒரு சிக்கல் உண்டு. அது கொழுப்பை முதுகில் சேர்ப்பதைவிட வயிற்றுக்குள் சேர்ப்பது அதிகம். முதுகை மட்டும் தடவினால் நல்ல ஆட்டையும் மெலிந்தது என்று எழுதிவிடுவோம். அதனால் முன்னங்கால்களுக்கு நடுவே நெஞ்செலும்பின் மேல் படிந்திருக்கும் கொழுப்புத் திண்டையும் பிடித்துப் பார்ப்பார்கள். அது கையில் தடித்துத் திரண்டு, பக்கவாட்டில் மிகக் கொஞ்சமே அசைந்தால் உடற்கட்டு மூன்றை எட்டியிருக்கிறது; நெஞ்செலும்பின் விளிம்பே நேராகக் கையில் பட்டால் இரண்டுக்குக் கீழ். முதுகும் நெஞ்சும் வேறு வேறு மதிப்பெண் சொன்னால் சராசரி எடுக்கலாம். ஒருவரே எல்லா ஆட்டையும் பார்ப்பது நல்லது. ஆளுக்கு ஆள் அரை மதிப்பெண் மாறும். ஒரே ஆள் பார்த்தால் அந்தத் தவறு எல்லா ஆட்டுக்கும் ஒன்றாகவே இருக்கும், வரிசை மாறாது.

ஒரு மந்தையை எடுத்துக்கொண்டு இதை நடத்திப் பார்ப்போம். தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்துக் கன்னி ஆடுகள் நாற்பது பெட்டை, இரண்டு கிடா. கன்னி ஆட்டைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இரட்டை போடுவது இந்த இனத்தின் இயல்பிலேயே இருக்கிறது. ஊட்டம் அந்த இயல்பை நிறைவேற்றிக் கொடுக்கிறது. மேச்சேரி, சென்னைச் சிவப்பு போன்ற நம் செம்மறிகள் பெரும்பாலும் ஒற்றைதான் போடும். அவற்றுக்கு என்ன போட்டாலும் பட்டி நிறைய இரட்டைகளை எதிர்பார்க்க முடியாது. அங்கே கூடுதல் தீவனம் தருவது பருவத்துக்கு வராத பெட்டைகளை வரவைப்பதும், சினை தங்காமல் போவதைக் குறைப்பதும்தான். செம்மறியில் நிலையாக இரட்டை வேண்டுமென்றால் அது மரபணு வழியாக வர வேண்டும். சுந்தரவனக் காடுகளையொட்டி வாழும் கரோல் என்ற சிறிய செம்மறியில் பல முட்டைகளை வெளிவிடச் செய்யும் ஃபெக்-பி என்ற மரபணு மாற்றம் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் பல்டனில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆய்வு நிறுவனம் அதைத் தக்காணிச் செம்மறிக்குள் கொண்டுவந்தது. அந்தக் கதை தனி அத்தியாயத்துக்குரியது.

நம் மந்தைக்கு ஆகஸ்ட் 1ஆம் தேதி, ஆடி மாத நடுவில், கிடா விடுவதாக வைத்துக்கொள்வோம். ஆட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். அப்படியானால் முதல் குட்டி டிசம்பர் 29 வாக்கில் விழும். வடகிழக்குப் பருவமழையில் முளைத்த புல்லும் செடியும் கார்த்திகை, மார்கழியில் சினை முற்றும் காலத்துக்குக் கைகொடுக்கும். தை, மாசியில் அறுவடைத் தாள் பால் கொடுக்கும் காலத்துக்கு உதவும். ஆடியில் கிடா விடுவதன் கணக்கு ஆடியில் இல்லை, ஐந்து மாதம் கழித்து இருக்கிறது. மழை நாளில் பட்டி ஈரமாகும் ஊராக இருந்தால், இந்தக் கணக்கையே இரண்டு மூன்று வாரம் தள்ளிப் போடலாம்.

முதுகு தடவுவதை ஜூன் 15 வாக்கிலேயே, கிடா விடுவதற்கு ஆறேழு வாரம் முன்னால் முடித்துவிட வேண்டும். நாற்பதில் நான்கு மூன்றரைக்கு மேல், பன்னிரண்டு மூன்று, பதினெட்டு இரண்டுக்கும் இரண்டரைக்கும் இடையில், ஆறு ஒன்றரைக்குக் கீழ் என்று வந்ததாகக் கொள்வோம். கடைசி ஆறில்தான் முதலில் கண் வைக்க வேண்டும். மெலிந்திருப்பதற்கு ஏதோ காரணம் இருக்கும். மூன்று பெட்டைகளின் மடியில் இன்னும் பெரிய குட்டிகள் முட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றை உடனே பிரிக்க வேண்டும், பால் வற்றினால்தான் தீனி உடம்பில் ஒட்டும். இரண்டின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உட்புறம் வெளுத்துக் கிடக்கிறது, தாடைக்கடியில் நீர்வீக்கம். ரத்தம் குடிக்கும் குடற்புழுவின் அடையாளம். மருத்துவரைக் கேட்டு மருந்து கொடுக்க வேண்டும். இன்னொன்றின் முன்பற்கள் தேய்ந்து விழுந்துவிட்டன. அதற்குத் தீவனம் போடுவதைவிட விற்றுவிடுவது மேல். மீதமுள்ள ஐந்துக்கும் அன்றிலிருந்தே தனித் தீவனம். ஒரு மதிப்பெண் ஏறுவது என்பது உடல் எடையில் பத்து சதவீதத்துக்குச் சற்று மேல் ஏறுவது. முப்பது கிலோ ஆட்டில் மூன்று கிலோவுக்கும் அதிகம். மூன்று வாரத்தில் அது நடக்காது, ஆறு வாரத்தில் நடக்கலாம். தேறாதவற்றை இந்தச் சுற்றில் கிடாவோடு விடாமல் அடுத்ததற்கு வைத்துக்கொள்ளலாம்.

குடற்புழு மருந்தில் ஒரு கண்ணி உண்டு. அல்பெண்டசோல் சினையின் முதல் மாதத்தில் கருவை ஊனப்படுத்தும். கிடா உள்ளே போன பிறகு எந்தப் பெட்டை சினை, எது இல்லை என்று யாருக்குத் தெரியும்? அதனால் புழு நீக்கம், தடுப்பூசி, குளம்பு வெட்டுதல் எல்லாவற்றையும் ஜூன் மாதத்திலேயே முடித்துவிட வேண்டும்.

பதினெட்டு நடுத்தரப் பெட்டைகளுக்கு ஜூலை 11 அன்று, கிடாவுக்கு மூன்று வாரம் முன்பு, தீவனம் தொடங்குகிறது. நூறு கிலோ கலவைக்கு உடைத்த மக்காச்சோளமோ கம்போ 45 கிலோ, கடலைப் புண்ணாக்கு 25, தவிடு 27, தாது உப்புக் கலவை 2, சமையல் உப்பு 1. சித்திரை, வைகாசியில் உதிர்ந்த சீமைக்கருவேல் நெற்றைப் பொறுக்கிக் காயவைத்திருந்தால் தானியத்தில் ஒரு பகுதியை அதைக் கொண்டு ஈடுகட்டலாம். இனிப்பு மிகுந்த தீனி, ஆனால் அதை மட்டுமே போட்டால் வாயும் தாடையும் கெட்டுப்போகும். மேய்ச்சலுக்கு மேல் ஆட்டுக்கு ஒரு நாளைக்கு 250 கிராம், காலையும் மாலையும் பாதிப் பாதி. முதல் நாளிலேயே 250 போட்டுவிடக் கூடாது. 80 கிராமில் தொடங்கி ஒரு வாரத்தில் அந்த அளவை எட்ட வேண்டும். பழகாத அசைவயிற்றில் தானியம் திடீரென்று குவிந்தால் அமிலம் பெருகி ஆடு சுருண்டுவிடும். அசைபோடுவது நின்று, சாணி தளர்ந்து, புளித்த வாடை வந்தால் அளவு அதிகமாகிவிட்டது என்று பொருள். தானியத்தை நிறுத்திவிட்டு வெறும் வைக்கோலும் உலர்தீவனமும் கொடுத்து மருத்துவரை அழைக்க வேண்டும். தொட்டி நீளமாக இருப்பதும் அவசியம். இடம் குறைந்தால் முட்டித் தள்ளும் இரண்டு பெட்டைகள் எல்லார் பங்கையும் தின்றுவிடும், கூச்சமுள்ளவை பார்த்துக்கொண்டு நிற்கும். கணக்கில் 250, வாயில் 80.

நான்கே நாள் லூபின் போதும் என்று சோதனை சொல்ல, நாம் மூன்று வாரம் போடுவதேன் என்று கேட்கலாம். சோதனைக் கூடத்தில் எல்லா ஆடுகளும் ஹார்மோன் வைத்து ஒரே நாளில் பருவத்துக்கு வரவைக்கப்பட்டவை. நம் மந்தையில் ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்றிரண்டு ஆடுகள்தான் அந்த நான்கு நாள் சாளரத்துக்குள் இருக்கும். எந்த ஆடு எந்த நாளில் என்று தெரியாததால் எல்லாருக்கும் எல்லா நாளும் போடுகிறோம். அதே காரணத்தால் கிடா விட்ட அன்றே தீவனத்தை நிறுத்துவது பெரிய பிழை; அன்று பருவத்துக்கு வரவிருக்கும் சிலவற்றைத் தவிர மற்றவற்றுக்கு நாம் போட்டதெல்லாம் சாளரம் திறப்பதற்கு முன்பே தீர்ந்துவிடும். இன்னொரு முழுச் சுற்று, வெள்ளாட்டுக்கு மூன்று வாரம், தொடர வேண்டும். நம் கணக்கில் ஆகஸ்ட் 22 வரை.

கிடாக்களை வைத்தே சாளரத்தைக் குறுக்கவும் வழி உண்டு. கிடாவின் வாடையும் குரலும் எட்டாத தொலைவில், குறைந்தது ஒரு மாதம் பிரித்து வைத்துவிட்டு, திடீரென்று பெட்டைகளிடையே விட்டால், பருவத்துக்கு வராமல் நின்றிருந்த பெட்டைகள் பலவற்றில் சில நாட்களிலேயே சினைப்பை விழித்துக்கொள்கிறது. ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருக்கும் பெட்டைகளை இது பெரிதாக மாற்றாது. முதல் முட்டை வெளியேற்றத்தில் சில பெட்டைகள் பருவத்தின் அடையாளமே காட்டாமல் போவதும், சில ஒரு வாரத்துக்குள்ளேயே மறுபடி பருவத்துக்கு வருவதும் உண்டு. கிடா சேர்ந்த நாளைக் குறித்துவைத்து ஒரு வாரத்தில் மறுபடி சேர்ந்ததைப் பார்த்துக் கவலைப்படுபவர்கள் இதை நினைவில் வைக்கலாம். கிடாவின் மார்பில் மஞ்சள்தூளோ காவியோ எண்ணெயில் குழைத்துத் தடவினால், சேர்ந்த பெட்டையின் பின்முதுகில் நிறம் ஒட்டும். தினமும் காலை எண்ணைக் குறித்துக்கொண்டால், மூன்று வாரம் கழித்து வேறு நிறத்தில் எவை மீண்டும் சேர்கின்றன என்று பார்த்துச் சினை தங்காதவற்றைப் பிரித்தெடுக்கலாம்.

தீவனத்தை எப்போது குறைப்பது என்பதில்தான் நல்ல விவசாயிகளும் சறுக்குகிறார்கள். போட்டது நல்லதென்றால் இன்னும் கூடப் போட்டால் இன்னும் நல்லதுதானே என்று செப்டம்பர் முழுவதும் அள்ளிப் போடுவது ஒரு வகை. முட்டை கருவுற்று முதல் இரண்டு மூன்று வாரங்கள் கரு கருப்பையில் ஒட்டாமல் மிதந்துகொண்டிருக்கும். அந்த நாட்களில் அதைத் தாங்கிப் பிடிப்பது மஞ்சள் உடலம் சுரக்கும் புரோஜெஸ்டிரோன். அளவுக்கு மீறித் தின்னும்போது கல்லீரல் வழியே ரத்த ஓட்டம் பெருகுகிறது. கல்லீரல்தான் புரோஜெஸ்டிரோனைச் சிதைத்து வெளியேற்றும் இடம். ஆக, தீனி பெருகினால் ஹார்மோன் குறைந்து கரு நழுவுகிறது. 1980களில் ஆஸ்திரேலியாவில் பார் என்ற ஆய்வாளரும் அவரது குழுவும், சேர்ந்த பிறகு உடல் பராமரிப்புக்கு வேண்டியதைப் போல இரு மடங்கு தீவனம் தின்ற செம்மறிகளில் சினை தங்குவது குறைந்ததைக் காட்டி, வெளியிலிருந்து புரோஜெஸ்டிரோன் கொடுத்தால் அந்த இழப்பு நீங்குவதையும் காட்டினார்கள். மறுபக்கம், ஒரே நாளில் தீவனத்தை நிறுத்திப் பட்டினி போட்டாலும் கரு தங்காது. ஆகஸ்ட் 22க்குப் பிறகு பத்து நாளில் 250இலிருந்து மெல்லக் குறைத்து, உடம்பு இளைக்காமலும் பருக்காமலும் இருக்கும் அளவில் நிறுத்துவதே சரி. அதன்பின் ஒரு மாதம் லாரியில் ஏற்றுவது, நாய் துரத்தும் இடத்தில் மேய்ப்பது, கூட்டம் கூட்டமாகப் பட்டி மாற்றுவது எதுவும் வேண்டாம்.

இனி பணக் கணக்கு. பதினெட்டு ஆடு, 250 கிராம், 42 நாள்: 189 கிலோ. கிலோ 30 ரூபாய் என்று வைத்தால் 5,670 ரூபாய். நாற்பதுக்கும் போட்டால் 420 கிலோ, 12,600 ரூபாய். ஃப்ளஷிங்கின் பலனாகப் பொதுவாகச் சொல்லப்படுவது நூறு பெட்டைக்குப் பத்து முதல் இருபது குட்டி கூடுதல். பதினெட்டில் அது இரண்டு, மூன்று, அதிர்ஷ்டம் இருந்தால் நான்கு குட்டி. குட்டி 4,000 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்தால், மூன்று குட்டிக்கு 12,000. பதினெட்டுக்கு மட்டும் போட்டால் லாபம் கையில் நிற்கிறது. நாற்பதுக்கும் போட்டால் மற்ற இருபத்திரண்டில் பலன் சொற்பம் என்பதால் செலவு வரவை விழுங்கிவிடும். கொழுத்த நான்குக்குப் போட்டால் கெடுதலும் உண்டு. அவை பின்னால் சினை முற்றும் காலத்தில் தொல்லை கொடுக்கும். முதுகைத் தடவுவதற்கு ஆகும் அரை நாள்தான் இந்தக் கணக்கின் லாபம்.

முதல் ஈத்துக்காரிகளிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். அவை தாமே வளர்ந்துகொண்டிருப்பவை. தீவனத்தின் பெரும்பகுதி எலும்புக்கும் சதைக்கும் போய்விடும். மூன்றாவது, நான்காவது ஈத்துப் பெட்டைகள்தான் நல்ல பலன் தருபவை.

வேலை செய்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? குட்டி விழுந்த பிறகு, "இந்த வருஷம் ரெட்ட கூட" என்று சொல்வது எளிது. மழை நன்றாகப் பெய்த வருடம் எல்லா மந்தையிலும் ரெட்டை கூடும். பதினெட்டை ஒன்பது ஒன்பதாகப் பிரித்து, ஒரு ஒன்பதுக்கு மட்டும் தீவனம் போட்டால் ஒப்பிட ஆள் கிடைக்கும். ஒன்பது என்பது சிறிய எண். ஒரே வருடத்தில் முடிவு கட்டக் கூடாது, மூன்று நான்கு வருடக் கணக்கைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து 45 முதல் 60 நாளுக்குள் கால்நடை மருத்துவர் ஸ்கேன் செய்தால் ஒன்றா இரண்டா என்று பெரும்பாலும் சொல்லிவிடுவார். குட்டி விழும் எண்ணிக்கையை ஸ்கேன் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், ரெட்டை குறைந்தது முட்டையிலா அல்லது பின்னால் வயிற்றுக்குள்ளா என்பதும் தெரியும். ஸ்கேனில் இரட்டை நிறையத் தெரிந்து, ஈனும்போது குறைந்தால் தீவனத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கருச்சிதைவு நோய்களைத் தேட வேண்டும்.

இரட்டை என்று தெரிந்த பெட்டைகளை நவம்பர் நடுவிலிருந்து தனியாகப் பிரிக்க வேண்டும். குட்டியின் வளர்ச்சியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடைசி ஆறு வாரத்தில்தான் நடக்கிறது. அப்போது இரண்டு குட்டிகள் வயிற்றை அடைத்துக்கொள்வதால் தீனிக்கு இடம் குறைகிறது, தேவையோ ஏறுகிறது. பற்றாக்குறையைத் தாய் தன் கொழுப்பைக் கரைத்து ஈடுகட்டும்; கொழுப்பு வேகமாகக் கரையும்போது கீட்டோன்கள் ரத்தத்தில் சேர்ந்து நஞ்சாகிவிடும். மந்தையை விட்டு ஒதுங்கி நிற்பது, தீனியில் வாய் வைக்காதது, பல்லை நறநறப்பது, சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்பது, மூச்சில் நகப்பூச்சு நீக்கும் திரவத்தின் வாடை ஆகியவை அதன் அறிகுறிகள். ஆரம்பத்திலேயே கவனித்து மருத்துவரை அழைத்தால் காப்பாற்றலாம், விழுந்த பிறகு கடினம். ஜூலையிலும் ஆகஸ்டிலும் 5,670 ரூபாய் செலவழித்தவர் நவம்பர் நடுவிலிருந்து ஆறு வாரத்துக்கு இரட்டைத் தாய்களுக்கு நாளுக்கு 250 முதல் 300 கிராம் கலவைக்கு ஒதுக்கி வைக்கவில்லையென்றால் அந்தச் செலவை ஆரம்பிக்காமலே இருந்திருக்கலாம். ஜூன் மாதம் முதுகைத் தடவும் அன்றே, கிடங்கில் கார்த்திகைக்கு எத்தனை மூட்டை இருக்கும் என்பதையும் எண்ணிவிட வேண்டும். மூட்டை குறைவு என்றால் அந்த வருடம் பதினெட்டில் எட்டை மட்டும் தேர்ந்தெடுத்தால் போதும்.